தீபாவளி போனஸ் அறிவிப்பை எழுதுவது எப்படி? ஒரு பினாங்கு ஜவுளிக் கடையின் கணக்கோடு முழுமையான வழிகாட்டி

"இந்த வருஷமும் ஒரு மாசச் சம்பளம் போனஸ், சந்தோஷமா இருங்க" என்று முதலாளி காலையில் கடை திறக்கும் முன் சொல்லிவிடுவார். எல்லாரும் கை தட்டுவார்கள். பத்து மணிக்குள் கேள்விகள் தொடங்கிவிடும். ஒரு மாதச் சம்பளம் என்றால் அலவன்ஸ் சேர்த்தா, சேர்க்காமலா? பிப்ரவரியில் சேர்ந்தவருக்கு எவ்வளவு? போன வாரம் ராஜினாமா கடிதம் கொடுத்த தையல்காரருக்கு உண்டா? எப்போது கைக்கு வரும்? போனஸ் அறிவிப்பு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் சொல்ல வேண்டும். அதனால் அதைச் சிக்கலான ஆட்களிலிருந்து தொடங்கி எழுதுவதுதான் என் வழக்கம். பன்னிரண்டு மாதமும் முழுதாக வேலை செய்தவருக்கு எந்த வாசகம் எழுதினாலும் பணம் சரியாகவே வரும். சிக்கல் மற்றவர்களிடம்தான்.

கணக்குக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரில் ஒரு ஜவுளிக் கடை. ஏழு பேர் வேலை செய்கிறார்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஓய்வு நாளாக இருப்பவர்களுக்கு மறுநாள் திங்கள் மாற்று விடுமுறை.

முதலில் நியமனக் கடிதத்தைப் பாருங்கள்

அறிவிப்பை எழுத உட்காரும் முன் எல்லாருடைய நியமனக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். "ஆண்டுக்கு ஒரு மாத போனஸ் வழங்கப்படும்" என்று அதில் இருந்தால் அது கடன்பட்ட தொகை. இந்த வருடம் வியாபாரம் மந்தம் என்று சொல்லிக் குறைக்க முடியாது. தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் உள்ள இடங்களிலும் அப்படியே. கடிதத்தில் ஒன்றும் இல்லை, அல்லது "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று இருக்கிறது என்றால் எவ்வளவு, யாருக்கு என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

ஆனால் வருடா வருடம் ஒரே தொகையை, ஒரு நிபந்தனையும் எழுதாமல் கொடுத்து வந்தால், அது வழக்கமாகி ஒப்பந்தத்தின் பகுதி ஆகிவிட்டது என்று ஊழியர் வாதிட இடமுண்டு. இதற்காகவே ஒவ்வொரு ஆண்டும் "இந்த போனஸ் 2026-ஆம் ஆண்டுக்கு மட்டும் உரியது, நிர்வாகத்தின் விருப்பத்தின் பேரில் வழங்கப்படுகிறது" என்ற ஒரு வரி இருக்க வேண்டும். நல்ல நாளில் இப்படி எழுதுவது கறாராகத் தெரியுமே என்று சில முதலாளிகள் கூச்சப்படுகிறார்கள். கடைசி வரியாகப் போட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

போனஸா, அன்பளிப்பா?

பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் இது. பணத்துக்கு நீங்கள் வைக்கும் பெயரையும், அதைக் கணக்கிடும் விதத்தையும் பொறுத்துப் பிடித்தங்கள் மாறும்.

போனஸுக்கு இபிஎஃப் கட்ட வேண்டும். ஊழியர் பங்கு 11 விழுக்காடு. மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை உள்ளவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. ஆனால் இபிஎஃப் வாரியத்தின் விலக்குப் பட்டியலில் "அன்பளிப்பு" என்று ஒன்று இருக்கிறது. ஹரி ராயா, கிறிஸ்துமஸ் போன்ற பெருநாள்களுக்குக் கொடுக்கும் ரொக்கமும் அதில் அடங்கும். இதைக் கேள்விப்பட்டதும் "அப்போ எல்லாத்தையும் அங்பாவ்னு போட்டுடலாமே" என்று தோன்றும். அது ஆபத்து. சம்பளத்தை அடிப்படையாக வைத்து, வேலை செய்த மாதங்களால் பெருக்கி, "ஒரு மாதம்" என்று அறிவித்துக் கொடுத்த பணத்தை அன்பளிப்பு என்றால், சோதனைக்கு வரும் அதிகாரி உங்கள் அறிவிப்பையே எடுத்துக் காட்டுவார். எல்லாருக்கும் ஒரே மாதிரி நூறு, நூற்றைம்பது ரிங்கிட் என்று உறையில் போட்டுக் கொடுப்பது அன்பளிப்பு. சம்பளமும் சேவைக்காலமும் பார்த்துக் கொடுத்தால் அது போனஸ். நான் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

சொக்சோவிலும் வேலைக் காப்புறுதியிலும் கதை வேறு. ஆண்டு போனஸ் அந்தச் சட்டங்களில் சம்பளக் கணக்கில் சேராது. ஆனால் அதே பணத்தைச் சம்பளச் சீட்டில் "இன்சென்டிவ்" என்றோ "அலவன்ஸ்" என்றோ போட்டால் சேரும். ஆகவே அறிவிப்பிலும், சம்பளச் சீட்டிலும், வங்கிக்கு அனுப்பும் பட்டியலிலும் ஒரே பெயர்: "ஆண்டு போனஸ் 2026 – தீபாவளி". வருமான வரிக்குப் பெயர் முக்கியமில்லை. வேலையால் வந்த பணம் வருமானம்தான், ஆண்டு இறுதியில் இஏ பாரத்தில் ஏற வேண்டும்.

தகுதி: ஒரே ஒரு தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சேவைக்காலத்துக்கு ஒரு தேதி, சம்பள அளவுக்கு இன்னொரு தேதி, குறைந்தபட்ச மாதத்துக்கு மூன்றாவது தேதி என்று வைத்தால் எழுதியவருக்கே குழம்பும். நம் கடைக்கு எல்லாவற்றுக்கும் 2026 செப்டம்பர் 30. போனஸ் ஆண்டு 2025 அக்டோபர் 1 முதல் அன்று வரை. அன்று உள்ள அடிப்படைச் சம்பளம்தான் அளவு. அன்றைக்குள் மூன்று மாதமாவது முடித்திருக்க வேண்டும். அதாவது ஜூலை 1 அல்லது அதற்கு முன் சேர்ந்திருக்க வேண்டும். அக்டோபரில் யாருக்காவது சம்பளம் ஏறினாலும் கணக்கு மாறாது.

இனி ஆட்களைப் பார்ப்போம். காசாளர் 2026 பிப்ரவரி 9 அன்று சேர்ந்தவர், அடிப்படைச் சம்பளம் 2,400. "வேலை செய்த காலத்துக்கு ஏற்ப" என்று மட்டும் எழுதினால் மூன்று விடைகள் வரும். முழுதாக முடிந்த மாதங்களை எண்ணினால் ஏழு: செப்டம்பர் 8-ஓடு ஏழாவது முடிகிறது, எட்டாவது முடியவில்லை. 2,400-ஐ 12-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 1,400 ரிங்கிட். நாள் கணக்கில் 234 நாள். 365-க்கு விகிதம் போட்டால் ஏறக்குறைய 1,539. பிப்ரவரியையும் ஒரு மாதமாக எண்ணினால் எட்டு மாதம், 1,600. மூன்றுமே நியாயமான கணக்குத்தான். காசாளர் வீட்டில் உட்கார்ந்து 1,600 என்று போட்டு வைத்திருப்பார், நீங்கள் 1,400 கொடுப்பீர்கள். அந்த இருநூறு வெள்ளிக்காகத் தீபாவளி முழுக்க முகம் வாடியிருக்கும். "முழுதாக முடிந்த மாதங்கள் மட்டும் எண்ணப்படும்" என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு எடுத்துக்காட்டும் போடுங்கள்.

பேறுகால விடுப்பில் இருந்து திரும்பிய விற்பனையாளர்: அடிப்படைச் சம்பளம் 2,200. சட்டப்படியான 98 நாள் விடுப்பைச் சேவைக்காலத்திலிருந்து கழிக்காதீர்கள். வேலையில் பாகுபாடு பற்றிய தகராறுகளை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரம் 2023 முதல் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு உண்டு. சட்டத்தை விடுங்கள், பிள்ளை பெற்றதற்காக போனஸைக் குறைத்தார்கள் என்ற பேச்சு லெபோ பாசாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அரை நாள் போதும். அவருக்கு முழு 2,200.

சம்பளமில்லா விடுப்பு வேறு. கிடங்குப் பணியாளர், அடிப்படைச் சம்பளம் 1,800, அம்மாவைப் பார்த்துக்கொள்ள 45 நாள் தொடர்ந்து சம்பளமில்லாமல் இருந்தார். "தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ எடுத்த சம்பளமில்லா விடுப்பில், ஒவ்வொரு முழு 30 நாளுக்கும் ஒரு மாதம் கழிக்கப்படும்" என்ற விதிப்படி ஒரு மாதம் போகிறது. 11 மாதத்துக்கு 1,650. இரண்டு நாள், மூன்று நாள் சம்பளமில்லா விடுப்புகளைத் தேடித் தேடிக் கழிக்க வேண்டாம். அந்தப் பதினைந்து, இருபது வெள்ளி கணக்குப் போடும் நேரத்துக்குக்கூடக் காணாது.

ராஜினாமா கொடுத்தவர்தான் பெரிய தலைவலி. தையல்காரர் செப்டம்பர் 28 அன்று கடிதம் கொடுத்துவிட்டார். ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர். ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதியிருக்காவிட்டால் எட்டு வார நோட்டீஸ், ஆகவே பட்டுவாடா நாளன்றும் கடையில் தையல் மெஷின் முன்னால்தான் இருப்பார். "பட்டுவாடா நாளில் வேலையில் இருப்பவர்களுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால் அவருக்கும் உண்டு. கொடுக்க விருப்பமில்லை என்றால் "அன்று ராஜினாமா நோட்டீஸில் இல்லாதவர்" என்றும் சேர்க்க வேண்டும். கடிதம் வந்த பிறகு அவசரமாகச் சேர்த்தால் அது அவரைக் குறி வைத்தது போலாகும். போன வருட அறிவிப்பிலேயே இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. என்னைக் கேட்டால், முதல் முறை இந்த நிபந்தனையை வைக்கும் ஆண்டில் ஏற்கெனவே கடிதம் கொடுத்தவருக்கு ஏதாவது கொடுத்து அனுப்புவது நல்லது. நம் கடையில் இது மூன்றாம் ஆண்டாக இருக்கும் விதி என்று வைத்துக்கொள்வோம், அவருக்கு இல்லை.

இதன் மறுபக்கமாக, "போனஸ் வாங்கி மூன்று மாதத்துக்குள் நின்றால் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எழுதாதீர்கள். கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் 1955 வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அனுமதிக்கும் வகைகளில் அடங்காத எதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. பண்டிகை முடிந்ததும் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயமிருந்தால், போனஸில் பாதியைத் தீபாவளிக்கும் பாதியை ஜனவரிக்கும் என்று அறிவிப்பிலேயே பிரியுங்கள். அது நேர்மையான வழி.

ஓட்டுநர் மலாய்க்காரர். அவருக்கு மார்ச்சில் ஹரி ராயாவுக்குக் கொடுத்தாயிற்று. "ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை, அவரவர் பெருநாளில்" என்பதை அறிவிப்பில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நோட்டீஸ் பலகையில் தன் பெயரைத் தேடுவார். இந்த முறையில் ஒரு நுணுக்கம்: ஹரி ராயா ஒவ்வொரு ஆண்டும் சுமார் 11 நாள் முன்னே வரும். ராயாவிலிருந்து ராயா வரை என்று எண்ணினால் அவருக்கு 12 மாதம் தேறவே தேறாது. பட்டுவாடாவுக்கு முந்தைய மாதக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம் என்று எண்ணுங்கள்.

அக்டோபரில் சீசனுக்காகச் சேர்ந்த மாணவி தகுதிக்குள் வரமாட்டார். அவருக்கு 150 ரிங்கிட் உறை. அது அன்பளிப்பு.

எந்தச் சம்பளம்?

மூத்த விற்பனையாளர் பதினான்கு ஆண்டாக இருக்கிறார். அடிப்படை 2,800, அலவன்ஸ் 300, சீசன் மாதங்களில் ஓவர்டைம் ஐந்நூறு வரை. அவர் மனதில் "ஒரு மாதச் சம்பளம்" என்பது கைக்கு வரும் 3,000 சொச்சம். உங்கள் மனதில் 2,800. "அடிப்படைச் சம்பளம் மட்டும், அலவன்ஸ், கமிஷன், ஓவர்டைம் சேராது" என்று முழுதாக எழுதுங்கள்.

இபிஎஃப் கணக்கில் தவறு நடப்பதும் இவரிடம்தான். போனஸ் மாதத்தில் 2,800 சம்பளம், 300 அலவன்ஸ், 2,800 போனஸ் சேர்ந்து 5,900. ஓவர்டைமுக்கு இபிஎஃப் இல்லை. தொகை 5,000-ஐத் தாண்டிவிட்டதே என்று முதலாளி பங்கை 12 விழுக்காடாகப் போட்டுவிடுவார்கள்: 708. அது தப்பு. வழக்கமான மாதச் சம்பளம் 5,000-க்குள் இருந்து, போனஸால் மட்டும் தாண்டினால் 13 விழுக்காடுதான்: 767. அவருடைய 11 விழுக்காடு 649. வழக்கமான மாதத்தில் 341 பிடிபடும். போனஸுக்காகக் கூடுதலாகப் போவது 308. ஆகவே 2,800 போனஸில் 2,492 கைக்கு வரும், மாத வரிப் பிடித்தமான பிசிபி இருந்தால் இன்னும் குறையும். பிசிபி கணிப்பியில் போனஸை மாதச் சம்பளத்தோடு கூட்டிப் போடாமல், கூடுதல் ஊதியத்துக்கான தனிக் கட்டத்தில் போடுங்கள். கூட்டிப் போட்டால் ஆண்டு முழுக்க அந்தச் சம்பளம் வாங்குவதாக எண்ணி வரி எகிறும். ஒருவருடைய பிசிபி திடீரென்று சில நூறு ரிங்கிட் ஏறியிருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

முதலாளிக்கு மொத்தம் எவ்வளவு? போனஸ் 2,800, 1,400, 2,200, 1,650: கூட்டினால் 8,050. அதன் மேல் 13 விழுக்காடு இபிஎஃப் ஏறக்குறைய 1,047. மாணவியின் 150. ஆக சுமார் 9,250 ரிங்கிட். எட்டாயிரம் என்று எண்ணி வாய்விட்டுவிட்டு, பிறகு ஆயிரத்துக்கு முழிப்பதை விட, இந்தக் கூட்டலை அறிவிப்புக்கு முன் போட்டுவிடுவது நல்லது.

பட்டுவாடா தேதி

"அக்டோபர் சம்பளத்தோடு" என்று எழுதுவது வழக்கம். இந்த ஆண்டு அது சரிப்படாது. சட்டப்படி அக்டோபர் சம்பளத்தை நவம்பர் 7 வரை போடலாம். தீபாவளி 8-ஆம் தேதி. சட்டப்படி சரியாக நடந்துகொண்டே, மக்களைத் தீபாவளிக்கு முதல் நாள் கடைத்தெருவுக்கு விரட்டிவிடுவீர்கள். அதுவும் இவர்கள் ஜவுளிக் கடை ஊழியர்கள். முதல் நாள் இரவு வரை நம் கடையில்தான் நிற்பார்கள். பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவும், பலகார சாமான் வாங்கவும், தைப்பூசத்துக்கு அடுத்தபடி ஊருக்குப் போகும் ஒரே சமயம் என்று பஸ் டிக்கெட் எடுக்கவும் இரண்டு வாரமாவது வேண்டும்.

நம் கடைக்கு அக்டோபர் 23, வெள்ளி. அதன் பிறகு தீபாவளிக்கு முன் இரண்டு வார இறுதிகள் கிடைக்கின்றன. முதலாளிக்கோ அக்டோபர் நடுவிலிருந்து வியாபாரம் சூடு பிடித்திருக்கும், கல்லாவில் பணம் இருக்கும். சரக்குக்குப் பணம் கட்ட வேண்டிய வாரம் எது என்று பார்த்து, அதோடு மோதாமல் தேதியை வையுங்கள். "அக்டோபர் மூன்றாம் வாரத்தில்" என்று மட்டும் எழுதாதீர்கள். திங்கட்கிழமையிலிருந்து வங்கிச் செயலியைத் திறந்து திறந்து பார்ப்பார்கள்.

போனஸுக்குப் பதில் சம்பள அட்வான்ஸ் கொடுக்கும் கடைகளும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் இரண்டு தனி வரவாக வங்கியில் போடுங்கள். இல்லையேல் நவம்பரில் அட்வான்ஸைக் கழிக்கும்போது போனஸைத் திருப்பி வாங்குகிறார்கள் என்ற சண்டை வரும்.

அறிவிப்பு

அக்டோபர் 2-ஆம் தேதி காலை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, அன்றே எழுத்தில் கொடுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

> ஆண்டு போனஸ் 2026 – தீபாவளி
>
> அனைத்து ஊழியர்களுக்கும் வணக்கம். இந்த ஆண்டு தீபாவளியை முன்னிட்டு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் போனஸாக வழங்கப்படும்.
>
> போனஸ் ஆண்டு: 1.10.2025 முதல் 30.9.2026 வரை. 30.9.2026 அன்று உள்ள அடிப்படைச் சம்பளமே கணக்கில் கொள்ளப்படும். அலவன்ஸ், கமிஷன், ஓவர்டைம் சேராது.
>
> 1.7.2026 அல்லது அதற்கு முன் வேலையில் சேர்ந்து, பட்டுவாடா நாளில் வேலையில் இருப்பவர்கள், அன்று ராஜினாமா நோட்டீஸில் இல்லாதவர்கள் தகுதி பெறுவர். 12 மாதம் முடிக்காதவர்களுக்கு, முழுதாக முடிந்த மாதங்கள் மட்டும் எண்ணப்படும். எடுத்துக்காட்டு: 7 மாதம் முடித்தவருக்கு அடிப்படைச் சம்பளம் ÷ 12 × 7.
>
> பேறுகால விடுப்பு, மருத்துவ விடுப்பு, ஆண்டு விடுப்பு கழிக்கப்படாது. தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ எடுத்த சம்பளமில்லா விடுப்பில், ஒவ்வொரு முழு 30 நாளுக்கும் ஒரு மாதம் கழிக்கப்படும்.
>
> ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும். ஹரி ராயாவுக்கு இந்த ஆண்டு போனஸ் பெற்றவர்களுக்கு இது பொருந்தாது.
>
> பட்டுவாடா: 23.10.2026, வெள்ளிக்கிழமை, வங்கிக் கணக்கில். இபிஎஃப், வரி இருந்தால் பிசிபி பிடிக்கப்படும்.
>
> உங்கள் தொகை தனிச் சீட்டில் தரப்படும். கணக்கில் சந்தேகம் இருந்தால் 9.10.2026-க்குள் அலுவலகத்தில் கேட்கவும்.
>
> இந்த போனஸ் 2026-ஆம் ஆண்டுக்கு மட்டும் உரியது. நிர்வாகத்தின் விருப்பத்தின் பேரில் வழங்கப்படுகிறது.

ஓட்டுநருக்காக மலாயிலும் ஒரு பிரதி. இரண்டிலும் தேதியும் எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று வேறொருவரை விட்டு ஒப்பிடச் சொல்லுங்கள்.

அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போடலாம், தொகைகளைப் போடக்கூடாது. தனிச் சீட்டில் அடிப்படைச் சம்பளம், எண்ணிய மாதம், போனஸ், இபிஎஃப் பிடித்தம், பிசிபி, கைக்கு வரும் தொகை என்று ஆறு வரி போதும். "2,800-னு சொன்னீங்களே, 2,492-தானே வந்திருக்கு" என்ற கேள்வியை அந்தச் சீட்டு முன்பே அடக்கிவிடும். தகுதி பெறாதவர்களுக்குச் சீட்டு வராது. அதனால் தையல்காரரிடமும் ஓட்டுநரிடமும் அறிவிப்பு ஒட்டும் முன்பே நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் கேட்க ஒரு வாரம் கொடுப்பது வெறும் மரியாதைக்காக அல்ல. சேர்ந்த தேதி தப்பாகப் பதிவாகியிருப்பது இந்த வாரத்தில்தான் வெளிவரும். பகுதி நேரமாகத் தொடங்கிப் பிறகு முழு நேரமானவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று அவர்களுக்குச் சொல்லி, கோப்பிலும் எழுதி வையுங்கள்.

கொடுத்த பிறகு

இபிஎஃப், பிசிபி இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்த ஆண்டு நவம்பர் 15 ஞாயிறு, அதற்கு முந்தைய வாரம் தீபாவளி விடுமுறையில் கரைந்துவிடும். கடை திறந்ததும் முதல் வேலையாக, 13-ஆம் தேதி வெள்ளிக்குள் கட்டிவிடுங்கள். சொக்சோவுக்கு வழக்கமான சம்பளத்தொகை மட்டும். மென்பொருள் தானாக போனஸையும் சேர்த்திருக்கிறதா என்று மூத்த விற்பனையாளரின் பெயருக்கு நேரே உள்ள தொகையை மட்டும் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். அறிவிப்பின் பிரதியையும் தனிச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு தீபாவளி அக்டோபர் கடைசியிலேயே வருகிறது, அதனால் செப்டம்பர் 30 என்ற கணக்குத் தேதியை ஆகஸ்ட் 31-க்கு நகர்த்த வேண்டியிருக்கும். அப்போது போனஸ் ஆண்டு பதினொரு மாதமாகச் சுருங்கும். 2026 செப்டம்பர் மாதத்தை இரண்டாம் முறையும் எண்ணிப் பன்னிரண்டாக்குவீர்களா, அப்படியே விட்டுவிடுவீர்களா என்பதை அந்த அறிவிப்பில் முதல் பத்தியிலேயே சொல்லியாக வேண்டும்.